ஒரு பைண்டு தொகுப்பு, ஐந்து சிடிகள்: நூலகர், ஆவணக் காப்பாளர் வேலை எப்படி மாறியிருக்கிறது?

கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவருடைய அப்பா ஐம்பதுகளில் ஒரு சிற்றிதழ் நடத்தியவர். நடுவில் நின்றுபோன அந்த இதழை எழுபது வயதுக்கு மேல் மறுபடி தொடங்கி, 2001 வரை ஓட்டியிருக்கிறார். பெட்டியில் 1954-ஐ ஒட்டிய பன்னிரண்டு இதழ்களின் பைண்டு தொகுப்பு ஒன்று, சணல் கயிற்றால் கட்டிய கடிதக் கட்டுகள் மூன்று, பிற்கால இதழ்கள் இருந்த ஐந்து சிடிகள்.

"பழசைத்தான் தம்பி நீங்க பத்திரமாப் பாக்கணும். சிடில இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

தொகுப்பைத் திறந்தேன். பழுப்பேறிய தாள், ஓரம் தொட்டால் உதிர்கிறது. ஆனாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க முடிந்தது. அடுத்து ஒரு சிடியைப் போட்டேன். கோப்புகள் தெரிந்தன, ஒன்றும் திறக்கவில்லை. இன்னொரு சிடி சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, கணினி அதை அடையாளமே காணவில்லை. எழுபது ஆண்டுத் தாள் பேசியது, இருபது ஆண்டு சிடி வாய் திறக்கவில்லை.

நூலக அறிவியல் படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் இந்தப் பெட்டியைப் பற்றித்தான் சொல்வது வழக்கம். "எல்லாம் ஸ்கேன் ஆகிவிட்டால் உங்களுக்கு என்ன வேலை?" என்ற கேள்விக்கான பதில் இதற்குள் இருக்கிறது.

முதலில் மூன்று வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். நூலகர் கையாளும் பொருளுக்குப் பெரும்பாலும் வேறு படிகள் உண்டு. ஒரு நூலகத்தில் தொலைந்த புத்தகம் இன்னொரு நூலகத்தில் கிடைக்கும். வேண்டியதைத் தேடுகிறவர் கையில் சேர்ப்பதுதான் அவருடைய முதல் கவலை. ஆவணக் காப்பாளரிடம் இருப்பது ஒற்றைப் பிரதி. அந்தக் கடிதக் கட்டு போனால் போனதுதான். அதனால் அது யாரிடமிருந்து வந்தது, எந்த அடுக்கில் இருந்தது என்பதும் அவருக்கு ஆவணத்தின் ஒரு பகுதி. மூன்றாமவர் பதிவேடு மேலாளர். ஓர் அலுவலகத்தில் தினமும் உருவாகும் கோப்புகளில் எது எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், எது எப்போது அழிய வேண்டும் என்று முன்கூட்டியே விதி வகுத்து நடத்துகிறவர். காகிதக் காலத்தில் இந்த மூவரும் வேறு வேறு கட்டடங்களில் இருந்தார்கள். இப்போது பல இடங்களில் ஒரே ஆள், ஒரே நாற்காலி.

அடுக்கைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, கடிதக் கட்டுகளையே பாருங்கள். மூன்றில் ஒன்றின்மேல் ஆசிரியர் தம் கையால் "போடாதவை" என்று எழுதியிருந்தார். அவர் பிரசுரிக்காமல் ஒதுக்கியவை அவை. 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று கிளம்பி எல்லாக் கடிதங்களையும் பெயர் வரிசையில் அடுக்கியிருந்தால், அவர் எதை ஒதுக்கினார் என்ற சேதி அந்த நிமிடமே அழிந்திருக்கும். ஒருவரிடமிருந்து வந்ததை இன்னொருவருடையதோடு கலக்காதே, அவர் வைத்த வரிசையைக் குலைக்காதே. ஆவணக் காப்பகத்தில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. கணினிக் கோப்புக்கும் இதே பாடம்தான், கொஞ்சம் கழித்து வருகிறேன்.

தொகுப்பிலிருந்து தொடங்கினோம். ஸ்கேன் செய்வது இதில் சுலபமான பகுதி. பக்கம் 18 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம். அங்குலத்துக்கு 400 புள்ளி அளவில் வண்ணத்தில் எடுத்தால், அகலத்தில் சுமார் 2,835 புள்ளிகள், உயரத்தில் 3,780. இரண்டையும் பெருக்கினால் ஒரு கோடியே ஏழு லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக, சுருக்காத டிஃப் கோப்பாக ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 32 எம்பி. இதழுக்கு 48 பக்கம், பன்னிரண்டு இதழுக்கு 576 பக்கம், மொத்தம் 18.5 ஜிபி. வாசகருக்குத் தருவது இதிலிருந்து சுருக்கி எடுத்த சிறிய பிடிஎஃப். பெரியதை யாரும் அன்றாடம் தொடுவதில்லை. அதுதான் மூலம். பிடிஎஃப் மட்டும் போதுமே, இடம் மிச்சமாகுமே என்று நினைப்பவர்கள் உண்டு. சுருக்கும்போது போன நுணுக்கம் திரும்ப வராது. மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்றாலோ, உதிரும் தாள் இன்னொரு முறை புரட்டத் தாங்காது.

ஸ்கேன் வேலையை, பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி மூன்றே நாளில் முடித்துவிட்டார். அடுத்து விவரக்குறிப்பு எழுதும் வேலை. இதைத்தான் மீத்தரவு என்கிறோம், நடைமுறையில் எல்லாரும் சொல்வது மெட்டாடேட்டா. தலைப்பு, ஆசிரியர், தேதி, எங்கே அச்சானது, யார் கொடுத்தது என்று ஒவ்வொரு இதழுக்கும் எழுத வேண்டும். பெட்டிக்குள் இருப்பது என்ன என்று பெட்டியைத் திறக்காமலே சொல்கிற சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் 576 படங்களும் `IMG_0001` என்று தொடங்கும் பெயர்களோடு ஒரு ஃபோல்டரில் கிடக்கும், அவ்வளவுதான்.

இங்கே சிக்கியது தேதி. அட்டையில் ஆங்கில ஆண்டு இல்லை. "ஜய வருஷம் ஆவணி, மலர் 3 இதழ் 5, விலை நாலணா" என்று மட்டும் இருந்தது. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். ஜய என்பது 1894-ஆகவும் இருக்கலாம், 1954-ஆகவும் இருக்கலாம், 2014-உம் ஜயதான். அணாக்கணக்கு 1957 ஏப்ரலில் புது நயாபைசா வந்ததோடு மறையத் தொடங்கியது, ஆகவே 2014 இல்லை. உள்ளே ரேடியோ விளம்பரம் இருக்கிறது, ஆகவே 1894 இல்லை. ஜய ஆவணி என்றால் 1954 ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. தேதிப் புலத்தில் `1954-08/1954-09` என்று போட்டோம். ஒரே நாளைக் குறிப்பிட ஆதாரம் இல்லாதபோது இப்படி இரண்டு எல்லைகளைக் கொடுப்பது முறை.

மாணவி இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டு மளமளவென்று மற்ற இதழ்களையும் முடித்தார். சரிபார்த்தபோது ஒரு பிசகு கண்ணில் பட்டது. தை, மாசி, பங்குனி இதழ்களுக்கும் 1954 என்றே போட்டிருந்தார்.

"ஜய வருஷம்னா 1954 தானே சார்?"

"ஜய வருஷம் சித்திரையில பொறக்குது. அது தைக்கு வர்றப்ப இங்கிலீஷ் காலண்டர் மாறிடுமே?"

அவர் தலையில் தட்டிக்கொண்டார். அந்த மூன்று இதழ்களும் 1955-ஐச் சேர்ந்தவை. அப்படியே விட்டிருந்தால், பட்டியலில் தேதிவாரியாக அடுக்கும்போது தை இதழ் ஆவணி இதழுக்கு முன்னால் போய் நின்றிருக்கும். இப்படிப்பட்ட தவற்றைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மலர் எண், இதழ் எண் வரிசையில் ஒருமுறையும், தேதி வரிசையில் ஒருமுறையும் பட்டியலை அடுக்கிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஏதோ பிழை இருக்கிறது. இந்த வேலைக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த நூலகர்தான் வேண்டும்.

இனி எழுத்துணரி. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளைத்தான் இப்படிச் சொல்கிறோம், ஓசிஆர் என்றால் உடனே புரியும். தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்பு உண்டு. ணா, றா, னா ஆகியவையும் ஒட்டிப் பிறந்த தனி வடிவத்தில் இருக்கும். புது எழுத்தில் பழகிய எழுத்துணரி இந்த இடங்களில் தடுமாறும். நூற்றுக்கு 97 எழுத்து சரியாக வந்தால் நல்ல விளைவு என்று தோன்றும். ஒரு பக்கத்தில் 1,500 எழுத்து என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 45 பிழை. தேடுவதற்கு இது ஓரளவு உதவும். மேற்கோள் காட்ட உதவாது. எனவே எங்கள் விவரக்குறிப்பில் "இயந்திரம் படித்தது, கையால் திருத்தப்படவில்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறோம். அந்த வரி இல்லாமல் ஏற்றிவிட்டால், பத்து ஆண்டு கழித்து யாராவது ஒருவர் அந்தப் பிழைகளை அப்படியே எடுத்து ஆய்வேட்டில் போடுவார்.

எழுத்துணரியின் பிழைகளில் கண்ணுக்கே தெரியாத ஒரு வகை உண்டு. ஔவையார் பற்றி ஒரு கட்டுரை தொகுப்பில் இருப்பது எனக்கு நிச்சயம் தெரியும், கண்ணால் பார்த்தேன். தேடினால் வரவில்லை. காரணம், எழுத்துணரி 'ஔ' என்ற ஓரெழுத்தை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகப் படித்திருந்தது. 'ஒளவையார்' என்று திரையில் வருகிறது. நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். எழுத்துணரி மட்டுமல்ல, மனிதர்களும் இப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள்.

சரி, எல்லா 'ஒள'வையும் 'ஔ' என்று ஒரே அடியில் மாற்றிவிடலாமே? மாற்றினால் 'ஒளி' கெட்டுப்போகும். அதிலும் ஒகரத்தை அடுத்து ளகரம் வருகிறதே. சொல்லைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். 'கொ' போன்ற எழுத்துகளில் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு. அதைக் க-வோடு ஒரே 'ொ' குறியாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசம் இருக்காது. ஆனால் யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம் என்பதால், பைத்தான் நிரல்மொழியில் கீழே உள்ள ஒரு வரி அதை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும்.

```
unicodedata.normalize("NFC", s)
```

இதே வரி 'ஒள'வைத் தொடாது, அது வேறு எழுத்து என்றே அது நினைக்கிறது. நூலகருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: எழுதத் தெரியாவிட்டாலும், நிரல் எங்கே நின்றுவிடும் என்று தெரிய வேண்டும்.

இப்போது சிடிகள். அந்த அம்மா நல்ல மனதோடு ஒரு காரியம் செய்திருந்தார். திறந்த வரைக்கும் ஒரு சிடியில் இருந்ததைப் பென்டிரைவுக்கு மாற்றி, கோப்புப் பெயர்களைத் திருத்தி, கதை, கவிதை, கட்டுரை என்று மூன்று ஃபோல்டரில் பிரித்தும் வைத்திருந்தார். கடிதக் கட்டைப் பெயர் வரிசையில் அடுக்குவதும் இதுவும் ஒன்றுதான். அப்பா எந்த இதழுக்கு எதை எந்த வரிசையில் வைத்திருந்தார் என்பது ஃபோல்டர் பெயர்களில் இருந்தது. பென்டிரைவில் அது இல்லை. நல்ல வேளை, மூல சிடி கையில் இருந்தது.

அதனால்தான் எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன் சிடியை முழுசாக, வெற்றிடம் உட்பட, ஒரே பிம்பக் கோப்பாக நகலெடுக்கிறோம். கீறல் விழுந்த வட்டுக்குச் சாதாரண நகல் உதவாது. முதல் பிழையிலேயே நின்றுவிடும். `ddrescue` என்ற இலவசக் கருவி படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகு அவற்றுக்குத் திரும்பும்.

```
ddrescue -n -b2048 /dev/sr0 cd3.iso cd3.map
ddrescue -d -r1 -b2048 /dev/sr0 cd3.iso cd3.map
```

நான்கு சிடிகள் இப்படித் தேறின. நகல் எடுத்த கையோடு ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எடுக்கிறோம். ஆங்கிலத்தில் செக்சம் என்பது இதைத்தான். கோப்பில் உள்ள அத்தனை பைட்டையும் ஒரு கணக்குக்குள் செலுத்தினால் 64 எழுத்து நீளமுள்ள ஒரு சரம் கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் சரம் முற்றிலும் வேறாகிவிடும். இந்தச் சரங்களையும் கோப்புகளையும் சேர்த்துக் கட்டி வைக்க பேக்இட் என்று ஓர் எளிய முறை இருக்கிறது. ஃபோல்டர் ஒன்றுக்குள் இப்படி இருக்கும்:

```
petti-014/
  bagit.txt
  manifest-sha256.txt
  data/
    cd3.iso
    cd3.map
```

அடுத்த ஆண்டு அந்த ஃபோல்டருக்குள் போய் `sha256sum -c manifest-sha256.txt` என்று கொடுத்தால், ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் `OK` அல்லது `FAILED` என்று வரும். காகிதக் காப்பகத்தில் கரையான் வந்தால் மண் தெரியும், ஈரம் பட்டால் வாடை வரும். வன்தட்டில் கெட்டுப்போன கோப்பு வெளியே எந்த அடையாளமும் காட்டாது. பெயர் இருக்கும், அளவு இருக்கும், திறக்கும்போதுதான் பாதிப் படம் சாம்பல் நிறமாகக் கிடக்கும். அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனை. ஒரு பிரதியில் `FAILED` வந்தால், `OK` வந்த இன்னொரு பிரதியிலிருந்து எடுத்து மாற்றுவோம். கைரேகை எடுக்காமல் மூன்று பிரதி வைத்திருப்பவர், மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபடும்போது எது சரி என்று எப்படிச் சொல்வார்?

பிரதிகளை எங்கே வைப்பது என்பதும் கேள்விதான். 2023 அக்டோபரில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தை ஒரு கும்பல் கணினி வழியாகத் தாக்கிப் பணம் கேட்டது. நூலகத்தின் இணையதளமும் பட்டியலும் முடங்கின. தேட மட்டும் வசதியுள்ள பட்டியல் திரும்பி வந்தது 2024 ஜனவரியில்தான். பிறகு அந்த நூலகமே வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி கவனிக்க வேண்டியது. அவர்களுடைய மின்சேகரங்களின் பாதுகாப்பான பிரதிகள் இருந்தன. அவற்றைத் திரும்ப ஏற்றி இயக்கத் தகுந்த கணினிக் கட்டமைப்பு இல்லாமல்தான் தவித்தார்கள். பிரதி எடுத்தாகிவிட்டது என்று கையைத் துடைத்துக்கொள்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. அதிலிருந்து நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை, எந்த வலையிலும் இணையாத வன்தட்டிலிருந்து வேறொரு கணினிக்கு உண்மையாகவே மீட்டுப் பார்க்கிறோம்.

சிடிகளுக்கு வருவோம். உள்ளே இருந்தவை `.p65` என்று முடியும் பேஜ்மேக்கர் கோப்புகள். தொண்ணூறுகளில் தமிழ் அச்சுக்கூடங்கள் பலவற்றிலும் இருந்த மென்பொருள், இன்று கைவிடப்பட்டது. பழைய விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, அதற்குள் பேஜ்மேக்கரைப் போட்டுத் திறந்தோம். திரையில் வந்தது இது:

```
jkpo;
```

அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர் யாராவது இதைப் பார்த்தால் சிரித்துவிடுவார். பாமினி எழுத்துரு இருந்தால் இதுவே 'தமிழ்' என்று தெரியும். யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். j-யின் இடத்தில் த, k-யின் இடத்தில் ம. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு மட்டும் தமிழ் வேஷம் போட்டது. அதிலும் ஆளுக்கு ஒரு வேஷம். தமிழ்நாட்டு அரசு 1999-இல் டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. அச்சுக்கூடங்களோ தங்களிடம் இருந்ததையே தொடர்ந்து பயன்படுத்தின.

மாற்றுவதற்குக் கருவிகள் இணையத்தில் நிறைய கிடைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் இரண்டு இடத்தில் அடிபடும். பாமினியில் 'கொ' என்பதை `nfh` என்று அடிப்பார்கள், அதாவது ஒற்றைக்கொம்பு முதலில், க நடுவில், கால் கடைசியில். கையால் எழுதும் வரிசை அது. யூனிகோடில் க முதலில் வரும், குறி பின்னால் வரும். நல்ல மாற்றி இதைத் திருப்பிப் போடும். மோசமான மாற்றி கொம்பை முந்தைய எழுத்தின் தலையில் மாட்டிவிடும். இன்னொன்று இதைவிடப் பொல்லாதது. கட்டுரை நடுவில் ஆசிரியர் ஓர் ஆங்கிலச் சொல்லை ஆங்கிலத்திலேயே அடித்திருப்பார். பேஜ்மேக்கருக்குள் அதற்கு வேறு எழுத்துரு போட்டிருக்கும், ஆகவே சரியாகத் தெரியும். எழுத்துரு விவரத்தை விட்டுவிட்டு வெறும் உரையாக வெளியே எடுத்தால், எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் குப்பையாகிவிடும். நாங்கள் பக்கங்களை முதலில் எழுத்துருவோடு பிடிஎஃப் ஆக்கி, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றிய உரையைச் சரிபார்த்தோம். மூலமான `.p65`, பார்வைக்கான பிடிஎஃப், தேடலுக்கான யூனிகோடு உரை என்று மூன்றும் இப்போது இருக்கின்றன. எந்த மாற்றியால், எந்தத் தேதியில் மாற்றினோம் என்பதும் விவரக்குறிப்பில் இருக்கிறது.

பதிவேடு மேலாளர் இந்தக் கதையில் எங்கே வருகிறார்? கடிதக் கட்டில் வருகிறார். வாசகர் கடிதங்களில் முகவரி இருக்கிறது, சிலவற்றில் குடும்பச் சங்கதிகள், நோய், கடன். இதை அப்படியே இணையத்தில் ஏற்ற முடியாது. எதைத் திறப்பது, எதை எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்று முடிவுசெய்ய விதி வேண்டும்.

அரசு அலுவலகக் கடிதங்களில் எண்ணுக்கு முன்னால் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று பார்த்திருப்பீர்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. இந்தக் கோப்பை முடித்தபின் எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. பழைய ஏற்பாடுதான், ஆனால் மூளை உள்ள ஏற்பாடு. ரெக்கார்டு ரூமில் இடம் தீர்ந்துபோகும் என்பதால் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் காலாவதியான கட்டுகளைக் கழித்தாக வேண்டியிருந்தது. மின்கோப்புகளில் அந்த நெருக்கடி இல்லை. இடம் மலிவு, யாரும் எதையும் அழிப்பதில்லை. ஒரே அறிக்கையின் பதினொரு வடிவங்கள், அதில் கையெழுத்தானது எது என்று எவருக்கும் தெரியாது. இதற்கிடையே இந்தியாவில் 2023-இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காரியம் முடிந்த தனிநபர் தரவை, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை, அழிக்கச் சொல்கிறது. வங்கி, மருத்துவமனை, பெரிய நிறுவனம் எதுவானாலும் "இது ஏன் இன்னும் இருக்கிறது, அது ஏன் இல்லை" என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல ஆள் தேவை. நூலக அறிவியல் படித்தவர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை என்பது என் வருத்தம். வகைப்படுத்துவதும் பெயரிடுவதும் அவர்கள் படித்த படிப்புதான்.

படிப்பு என்று வந்ததால் சொல்லிவிடுகிறேன். வழக்கமான பாதை, ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பிறகு நூலக அறிவியலில் இளநிலை, முதுநிலை. கல்லூரியில் நூலகராகச் சேர யுஜிசி நெட், அரசு நூலகப் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி. ஆவணக் காப்பகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு டெல்லியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் பள்ளி ஓராண்டுப் பட்டயம் நடத்துகிறது. பாடத்திட்டத்தில் வகைப்படுத்தலும் பட்டியலிடலும் இன்னும் நிறைய நேரம் எடுத்துக்கொள்கின்றன. அது வீண் இல்லை. ஜய வருஷத்தையும் ஔவையாரையும் சமாளித்தது அந்தப் பயிற்சிதான். இல்லாததை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். கோஹா, டிஸ்பேஸ் இரண்டும் இலவச மென்பொருள்கள், ஒன்று நூலக நிர்வாகத்துக்கு, மற்றது மின்களஞ்சியத்துக்கு. வீட்டுக் கணினியிலேயே நிறுவிப் பார்க்கலாம். நிறுவும்போது வரும் சிக்கல்களே பாதிப் படிப்பு.

ஒரு கசப்பையும் மறைக்க வேண்டாம். மின்னாக்க வேலைகளில் கணிசமானவை திட்ட வேலைகள். நிதி இருக்கும் ஒன்றிரண்டு ஆண்டு வேலை, பிறகு ஒப்பந்தம் முடிந்துவிடும். நான் தொடக்கத்தில் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஸ்கேன் முடிந்ததும் எங்கள் நால்வரையும் அனுப்பிவிட்டார்கள். வன்தட்டுகள் அலமாரியில் இருந்தன, கைரேகைப் பட்டியல் இல்லை, சரிபார்க்கச் சம்பளம் வாங்கும் ஆளும் இல்லை. மூன்று ஆண்டு கழித்துக் கூப்பிட்டார்கள். இரண்டு தட்டுகள் சுற்றவே இல்லை. அதற்குள் மூலத் தாள்களையும் கழித்துக் கட்டிவிட்டிருந்தார்கள். வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: ஸ்கேன் முடிந்த மறுநாளிலிருந்து இந்தக் கோப்புகளுக்குப் பொறுப்பு யார்? பதிலுக்கு ஒரு பதவியின் பெயர் வந்தால் அங்கே சேரலாம். "அதெல்லாம் கிளவுடில் இருக்கும்" என்று வந்தால் யோசியுங்கள்.

ஐந்தாவது சிடி கடைசிவரை தேறவில்லை. மேல்பூச்சு உரிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகள் தெரிந்தன. வரைபடக் கோப்பு முழுக்கப் பிழை. பெட்டி வேலை முடிந்து அந்த அம்மா பார்க்க வந்தபோது, அது மட்டும் உறையோடு தனி அட்டையில் இருப்பதைக் கவனித்தார்.

"இதான் கெட்டுப்போச்சுன்னீங்களே தம்பி, இதை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

உறையைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கத்தில் அவருடைய அப்பா பச்சை மையில் அந்த இதழின் பொருளடக்கத்தை எழுதியிருந்தார், ஒன்பது தலைப்புகள். பட்டியலில் நாங்கள் அதை இப்படிப் பதிந்திருக்கிறோம்: "வட்டு 5. படிக்க இயலவில்லை. உறையில் ஆசிரியரின் கையெழுத்தில் பொருளடக்கம் உள்ளது. அச்சிட்ட இதழின் பிரதி எங்கும் கிடைக்கவில்லை, தேடப்படுகிறது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்பதையும் வாய்விட்டுப் படித்தார். நான்காவதில் நின்று, "இது எங்க சித்தப்பா எழுதினது. அவங்க வீட்ல ஒரு புக்கு இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார்.